மேகத்தின் அடி ஏன் தட்டையாக இருக்கிறது?

ஒரு பிற்பகல் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சன்னல் வழியே திரள் மேகங்களைக் காட்டி, “சார், மேகம் மேலே பொங்கிக்கிட்டு இருக்கு. அடி மட்டும் ஏன் அறுத்து வச்ச மாதிரி தட்டையா இருக்கு?” என்று கேட்டாள். ‘உயரே குளிர் அதிகம்; அந்தக் குளிர் பட்டு நீராவி நீராகிறது’ என்று பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்த விளக்கம் இதற்கு உதவவில்லை. அது தவறான விளக்கம் என்பதும் அன்றுதான் புரிந்தது.

தரை சூடாகி மேலெழும் காற்று, சுற்றியுள்ள குளிரை வாங்கிக் குளிர்வதில்லை. உயரே அழுத்தம் குறைவதால் அது விரிகிறது. விரிவதற்கான வேலைக்குத் தன் உள் ஆற்றலையே செலவிடுவதால் அதன் வெப்பநிலை இறங்குகிறது. இது வெப்ப மாற்றீடற்ற நிகழ்வு. சைக்கிள் பம்பில் அமுக்கப்படும் காற்று சூடாவதற்கு நேர் எதிரானது. நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வரை, இந்த வீதம் 1,000 மீட்டருக்கு 9.8 °C.

காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீர்த்துளியாகத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. அழுத்தம் குறையும்போது பனிநிலையும் 1,000 மீட்டருக்குச் சுமார் 1.8 °C இறங்குகிறது. ஆக, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1,000 மீட்டருக்கு 8 °C குறைகிறது. அதாவது ஒரு டிகிரிக்கு 125 மீட்டர். இடைவெளி மறையும் உயரமே மேகத்தின் அடி.

இதை வகுப்பிலேயே கணக்கிடலாம். பிற்பகல் 2 மணிக்கு நிழலில் காற்றின் வெப்பநிலையை அளந்துகொள்ளுங்கள். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஐஸைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்புறம் மங்கும் நொடியில் தண்ணீரின் வெப்பநிலையே பனிநிலை. காற்று 34 °C, பனிநிலை 22 °C என்றால் இடைவெளி 12 டிகிரி. மேக அடி 1,500 மீட்டர். சரிபார்க்கலாம்: அந்த உயரத்தில் காற்று 14.7 டிகிரி குறைந்து 19.3 °C, பனிநிலை 2.7 டிகிரி குறைந்து அதே 19.3 °C.

ஐஸை மொத்தமாகப் போட்டால், மங்கலைக் கவனிப்பதற்குள் தண்ணீர் அதிகம் குளிர்ந்துவிடும். ஒரு டிகிரி பிழைக்கு மேகம் 125 மீட்டர் உயர்ந்துவிடும்! டம்ளர் மீது மூச்சுக்காற்றும் படக்கூடாது.

இந்தக் கணக்கு, தரையிலிருந்து எழும் காற்றால் உண்டாகும் பிற்பகல் திரள் மேகங்களுக்கே பொருந்தும். விடியற்காலையில் 25 °C, 23 °C என்று அளந்தால் விடை 250 மீட்டர் என வரும். ஆனால் அங்கே மேகம் இருக்காது. தரை குளிர்ந்திருப்பதால் காற்று மேலெழுவதே இல்லை.

மாணவியின் கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. நம் ஊர்த் திடல்களிலும் வயல்களிலும் இருந்து எழும் காற்றின் வெப்பநிலையும் ஈரமும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே எல்லாக் காற்றும் ஒரே உயரத்தில் பனிநிலையைத் தொடுகிறது. அந்த உயரத்தைத்தான் நாம் தட்டையான அடியாகப் பார்க்கிறோம்.