ரின் மூடி சொல்லும் சங்கதி

வயலும் தோட்டமும் கையில் இருந்த காலத்தில், கடல் கொந்தளித்துச் சந்தைக்கு மீன் வராத நாளில் மட்டும் நாம் ரின்மீன் வாங்கினோம். இடம்பெயர்ந்த பின்னர் நிலைமை மாறிவிட்டது. ஒரேயொரு ரின்னை வெட்டி, உருளைக்கிழங்கும் சேர்த்து, ஆறு பேருக்குக் கறி வைக்கும் தாய்மார் எம்மிடையே பலர் உள்ளனர். அந்த ரின்னுக்குக் கொடுக்கும் பணம் அவர்களுக்குச் சிறியதல்ல.

அத்தகைய தாய் ஒருவர் அண்மையில் எம்மிடம் இப்படிக் கேட்டார்: "ரவுணில இருக்கிற பெரிய கடையில அந்தக் கடையின்ர பேரிலேயே ரின்மீன் விக்கினம். பேர்போன கம்பனி ரின்னை விட எண்பது ரூபா குறைவு. கடைக்காரர் எங்க மீன் அடைக்கிறவை? இதை ஆர் செய்து குடுக்கினம்? பிள்ளையளுக்கு நம்பிக் குடுக்கலாமோ?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, ரின்மீன் தொழிற்சாலையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

கடைக்காரர் மீன் அடைப்பதில்லை. தொழிற்சாலை ஒன்று மீனைத் துப்புரவாக்கி, வெட்டி, ரின்னில் இட்டு, உப்புநீரோ தக்காளிக் குழம்போ எண்ணெயோ ஊற்றி மூடியை இறுக்குகிறது. பின்னர் மூடிய ரின்களைப் பெரிய அமுக்கக் கலன்களில் வைத்து நீராவியால் அவிக்கிறது. கிருமிகள் அழிவது இந்த இடத்தில்தான். அவிந்து ஆறிய ரின்கள் பல சமயங்களில் லேபல் ஒட்டப்படாமல், வெறும் பளபளப்பான தகரமாகவே களஞ்சியத்தில் அடுக்கப்படுகின்றன. யார் வாங்குகிறாரோ அவருடைய லேபல் பின்னர் ஒட்டப்படும். இன்று பேர்போன கம்பனிக்கு ஒட்டிய அதே கைகள் நாளை கடையின் பெயரையும் ஒட்டலாம்.

அப்படியாயின், எந்த ரின் எங்கிருந்து வந்தது என்பது தொழிற்சாலைக்கே எப்படித் தெரியும்? அதற்காகவே தகரத்தில் ஓர் அடையாளம் பொறிக்கப்படுகிறது. ரின்னின் மூடியிலோ அடியிலோ எழுத்தும் இலக்கமுமாக இரண்டு மூன்று வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தொழிற்சாலை, என்ன பொருள், எந்த ஆண்டு, எந்த நாள் என்பவற்றை அது சொல்கிறது. கெட்டுப்போன ரின் ஒன்று அகப்பட்டால், அன்று அவித்த எல்லாவற்றையும் திருப்பி அழைப்பதற்காக உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை இது. லேபல் கடதாசி, அதை மாற்றலாம். தகரத்தில் உள்ளதை மாற்றுவது கடினம்.

ஆகவே, இந்தக் கேள்வியைக் கேட்ட தாயுடனும் அயலவர் சிலருடனும் சேர்ந்து மூன்று ரின்கள் வாங்கினோம். மூன்றும் உப்புநீரில் அடைத்தவை. மூன்றிலும் தேறிய நிறை 425 கிராம் என்றே எழுதப்பட்டிருந்தது. முதலாவது பேர்போன கம்பனியுடையது, விலை 620 ரூபா. இரண்டாவது ரவுண் கடையின் சொந்தப் பெயரில் உள்ளது, 540 ரூபா. மூன்றாவது வேறொரு கடையின் பெயரில் உள்ளது, 500 ரூபா.

முதலில் லேபல்களைப் பார்த்தோம். கடையின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தாலும், ஓரத்தில் சிறிய எழுத்தில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உற்பத்தி நாடும் இருந்தன. முதலிரண்டு ரின்களிலும் நாடு ஒன்றே. அடுத்து மூடிகளை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்து எழுத்துக்களை ஒரு கொப்பியில் எழுதினோம். முதலிரண்டு ரின்களிலும் தொடக்க எழுத்துக்கள் ஒன்றாகவே இருந்தன. திகதி மட்டும் வேறு. இரண்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்று நம்ப இது போதிய காரணம். மூன்றாவதன் எழுத்து முறையே வேறாக இருந்தது.

ஆனால் இத்துடன் நின்றுவிடக் கூடாது. ஒரே தொழிற்சாலை ஒவ்வொரு வாங்குநருக்கும் ஒவ்வொரு தரத்தில் அடைத்துக் கொடுக்கும். மீனின் பருமன், துண்டுகளின் எண்ணிக்கை, ரின்னில் எவ்வளவு மீன் எவ்வளவு நீர் என்பதெல்லாம் விலை பேசும்போதே தீர்மானிக்கப்படுபவை. ஆகவே ரின்னைத் திறந்து நிறுத்துப் பார்ப்பதே முடிவான சோதனை.

அதைச் செய்வது சுலபம். வெறும் அரிதட்டை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். ரின்னை அதில் கவிழ்த்து, சிறிது சரித்து, இரண்டு நிமிடம் நீர் வடிய விடுங்கள். தக்காளிக் குழம்பு என்றால் இளஞ்சூட்டு நீரால் மெதுவாகக் கழுவிய பின் வடிய விடுங்கள். பிறகு மீனோடு நிறுத்து, அரிதட்டின் நிறையைக் கழியுங்கள். எஞ்சுவது வடித்த நிறை. நாம் உண்பது அதுதான்.

முதல் ரின்னில் மீன் 280 கிராம், இரண்டாவதில் 272 கிராம், மூன்றாவதில் 218 கிராம் இருந்தன. இப்போது விலையை மீனின் நிறையால் பிரித்துப் பார்த்தோம். 100 கிராம் மீனுக்கு முதல் ரின்னில் 221 ரூபாவும், இரண்டாவதில் 199 ரூபாவும், மூன்றாவதில் 229 ரூபாவும் விழுந்தன. மூன்றிலும் விலை குறைந்த ரின்னே உண்மையில் விலை கூடியது! அதை வாங்கியவர் உப்புநீருக்குக் காசு கொடுத்திருக்கிறார்.

மீனின் இனத்தையும் பாருங்கள். ரின்னில் 'மகரல்' என்றும் 'ஜக் மகரல்' என்றும் வருபவை இரண்டு வேறு மீன்கள். முன்னையது எமது கும்பளாவுக்கு இனமானது. பின்னையது பாரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாரையைப் போலவே ஜக் மகரலுக்கும் பக்கவாட்டில் வால்வரை கடினமான முட்செதிள் வரிசை உண்டு. துப்புரவாக்கும்போது அதை அகற்றுவது வழக்கமாயினும், வால்பக்கத் துண்டில் எஞ்சியிருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். இரண்டும் உண்ணத் தகுந்தவை. ஆனால் இனம் வேறானால் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. மூடியின் எழுத்துக்கள் ஒத்துப்போகாவிட்டால் தொழிற்சாலை வேறு என்று முடிவு கட்ட முடியாது. சில தொழிற்சாலைகள் வாங்குநருக்கு ஏற்ப அடையாளத்தை மாற்றுகின்றன. கடையும் ஒரு தொழிற்சாலையோடு கட்டுண்டதல்ல. அடுத்த கப்பலில் வேறு நாட்டு மீன் அதே லேபலோடு வரலாம். ஆதலால் கடையின் பெயரை ஒருமுறை சோதித்துவிட்டு வருடக்கணக்கில் நம்ப வேண்டாம். மூடியின் தொடக்க எழுத்துக்கள் மாறியிருந்தால் மறுபடியும் ஒரு ரின்னை நிறுத்துப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. லேபலில் உள்ள திகதியும் தகரத்தில் உள்ள திகதியும் முரண்பட்டால், அல்லது பழைய லேபலுக்கு மேல் புதியது ஒட்டப்பட்டிருந்தால், அந்த ரின்னைத் திறக்காமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். வீங்கிய, கசிகின்ற, விளிம்புப் பொருத்தில் நெளிந்த ரின்களை எந்தப் பெயரில் வந்தாலும் வாங்காதீர்கள். வீங்கிய ரின்னை ருசி பார்த்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து.

கேள்வி கேட்ட தாய் இப்போது இரண்டாவது ரின்னையே வாங்குகிறார். மூடியின் எழுத்துக்களை எழுதிய கொப்பி அவருடைய அடுப்படித் தட்டில் இருக்கிறது. புதிதாக ரின் வாங்கும் அயலவர்கள், திறப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட்டே போகின்றனர்.