லாபம் 2,40,000 ரூபாய், கைக்கு வந்தது 100 ரூபாய் ஏன்?



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க: "கம்பெனியில ஆயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருக்கேன். மொத்தப் பங்குப் பணம் பத்து லட்சம். லாபம் 2,40,000-ன்னு அறிக்கையில இருக்கு. அப்ப எனக்கு 240 ரூபாய் வரணும்ல? ஏன் 100 ரூபாய்தான்?" கணக்கு சரிதான். ஆனால் லாபம் முழுவதும் பங்கிடப்படுவதில்லை.

வரி போக நின்ற லாபத்தை என்ன செய்வது என்று இயக்குநர் குழு ஆண்டு முடிவில் பிரிக்கிறது. இந்தக் கம்பெனியில் பொது ஒதுக்கு நிதிக்கு ரூ.60,000. பங்குப் பணத்தின்மேல் 10 சதவீதம், அதாவது ரூ.1,00,000, பங்காதாயமாக (டிவிடெண்ட்) கொடுக்கலாம் என்று பரிந்துரை. இந்தச் சதவீதம் லாபத்தின் மேல் அல்ல, பங்குப் பணத்தின் மேல். மீதி ரூ.80,000 அடுத்த ஆண்டுக்குப் போகிறது.

ஒதுக்கு நிதி என்றதும் பெட்டியில் பூட்டிய பணம் என்று நினைக்காதீங்க. அது பேரேட்டில் ஒரு தலைப்பு, அவ்வளவுதான். அந்த லாபம் குடோனில் பருப்பாக இருக்கலாம், கடைக்காரரிடம் பாக்கியாக நிற்கலாம். இங்கே வங்கியில் இருந்தது ரூ.1,30,000 மட்டும். 2,40,000-ஐயும் கொடுக்கணும்னா கடன்தான் வாங்கணும்.

"பரிந்துரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பொதுவாக நிறுவன விதிகளின்படி, பங்குதாரர் கூட்டம் அதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கூட்டம் அறிவித்த பிறகுதான் அது கம்பெனியின் கடன். ஐந்து நாளில் தனி வங்கிக் கணக்கில் போட்டு, முப்பது நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

இதில்தான் கணக்கர்கள் தடுமாறுகிறார்கள். முன்பு மார்ச் 31 கணக்கிலேயே அந்த லட்சத்தைக் கழித்து, கொடுக்க வேண்டியதாகக் காட்டுவார்கள். 2016-ல் கணக்கியல் தர விதி மாறியது. மார்ச் 31-க்குப் பிறகு அறிவிக்கப்படும் பங்காதாயம் அந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பில் கடனாக வராது, குறிப்பாக மட்டும் எழுதப்படும். ஆகவே மார்ச் 31-ல் ஒதுக்கு நிதி ரூ.60,000, மீதி லாபம் ரூ.1,80,000 என்று நிற்கும். அறிவித்த நாளில் அந்த மீதி ரூ.80,000 ஆகும்.

பழைய பழக்கத்தில் மார்ச்சில் ஒருமுறை, கொடுக்கும்போது இன்னொருமுறை எழுதினால் லட்சம் இரண்டு தடவை கழியும். மீதி லாபம் 80,000-க்குப் பதில் 20,000 நட்டமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் "டிவிடெண்ட் எத்தனை இடத்துல எழுதியிருக்கு?"ன்னு கேளுங்க.

ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண கம்பெனியில் எவ்வளவு ஒதுக்குவது என்பது 2013 சட்டப்படி கம்பெனியின் விருப்பம். உங்கள் பங்கு உற்பத்தியாளர் கம்பெனியில் இருந்தால், ஒவ்வோர் ஆண்டும் பொது ஒதுக்கு நிதி வைத்தே ஆக வேண்டும். பங்குப் பணத்துக்குக் கொடுக்கும் பங்காதாயத்துக்கும் அங்கே உச்சவரம்பு உண்டு, அது கம்பெனியின் விதிகளில் எழுதியிருக்கும்.