மணிக்கட்டில் ஊதாப் பருக்கள்

மணிக்கட்டின் உட்புறத்திலும் முழங்கால் கீழேயும் தட்டையான, பளபளப்பான சிறு பருக்கள். அரிப்பு தாங்காது. படர்தாமரை என்று நினைத்து மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவுகிறோம், போகவில்லை. இது லைக்கன் பிளானஸாக இருக்கலாம்.

இது கிருமியால் வருவதல்ல, ஒட்டவும் ஒட்டாது. நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே தோலின் அடியடுக்கைத் தாக்குகின்றன. அந்த அடுக்கில்தான் நிறமி இருக்கிறது. அது சிதைந்து கீழே இறங்கிவிடுவதால், பரு அமுங்கிய பிறகும் நம் மாநிறத் தோலில் கரும்பழுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பலர் அதை நோய் தொடர்வதாக எண்ணி மருந்தைக் கூட்டுகிறார்கள். அது தேவையில்லாத வேலை.

சொறிந்த கோட்டிலேயே புதுப் பருக்கள் வரிசையாக முளைப்பது இதன் முக்கிய அடையாளம். ஆகவே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். மருத்துவர் தரும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும். தோலில் உள்ளது பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தானே தணியும்.

வாய்க்குள் வருவதுதான் பிடிவாதக்காரன். கன்னத்தின் உட்புறம் வெள்ளை நூலால் பின்னிய வலை போலக் கோடுகள் தெரியும், துடைத்தால் போகாது. வலி இல்லாவிட்டால் மருந்தே வேண்டியதில்லை. சிவந்து புண்ணாகி, ரசம் சாதமே எரிந்தால் சிகிச்சை வேண்டும். மிகச் சிலருக்கு அது புற்றுநோயாக மாறக்கூடும். எனவே புகையிலை, பாக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் வாயைக் காட்டுங்கள்.