கிரியேட்டினின் 1.8: சிறுநீரகம் எந்த நிலையில்?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியேட்டினின் 1.8 என்று இருக்கிறது. 58 வயது ஆணுக்கு இதை வைத்து இஜிஎஃப்ஆர் கணக்கிட்டால் 43 வரும். அதே வயதுப் பெண்ணுக்கு 32தான். கிரியேட்டினின், தசையிலிருந்து வரும் கழிவு. பெண்களுக்குப் பொதுவாகத் தசை குறைவு. அப்படியிருந்தும் ரத்தத்தில் அதே அளவு தேங்குகிறது என்றால், சிறுநீரகம் இன்னும் மெதுவாக வடிகட்டுகிறது என்று பொருள்.

நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்ற மதிப்பீடுதான் இஜிஎஃப்ஆர். 90க்கு மேல் முதல் நிலை, 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை; ஆனால் சிறுநீரில் புரதம் போவது போன்ற வேறு பாதிப்பு இருந்தால்தான் இவ்விரண்டும் நோய். 45 முதல் 59 வரை 3ஏ, 30 முதல் 44 வரை 3பி, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, அதற்கும் கீழே ஐந்தாம் நிலை. 43 உள்ளவர் 3பி. அதையும் ஒரே பரிசோதனையில் முடிவு செய்யக்கூடாது. வயிற்றுப்போக்கோ வலிமாத்திரையோகூட எண்ணைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். மூன்று மாதத்துக்கு மேலும் அப்படியே நீடித்தால்தான் நாள்பட்ட நோய்.

'கிட்னி' என்ற சொல் காதில் விழுந்ததும் பல வீடுகளில் பருப்பும் முட்டையும் நின்றுவிடுகின்றன. அவ்வளவு தேவையில்லை. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் பொதுவான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம். 60 கிலோ எடைக்கு 48 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6 கிராம். இட்லி, சோறு, சாம்பாரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நாள்தோறும் கோழிக்கறி, புரதப் பவுடர் என்று போனால்தான் அளவு மீறும். வெறும் கஞ்சியில் காலம் தள்ளினால் தசை கரையும். தசை கரைந்தால் கிரியேட்டினினும் குறையும். சிறுநீரகம் தேறிவிட்டதாக அறிக்கை பொய் சொல்லும். டயாலிசிஸ் தொடங்கியபின் கணக்கே மாறி, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும்.

பொட்டாசியத்துக்கோ நிலையைப் பார்த்துத் தடை போடுவதில்லை. ரத்தத்தில் உள்ள அளவைப் பார்க்க வேண்டும். 4.4 என்றிருப்பவர் வாழைப்பழத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. 5.5ஐத் தாண்டினால் இளநீர், பழச்சாறு, கீரை, உருளைக்கிழங்கைக் குறைக்க வேண்டும். காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். சாம்பாரில் போட்டு வேகவைத்தால் அது குழம்புக்குள்ளேயே தங்கிவிடும்.

உணவைவிட உப்பு டப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பவற்றில் பெரும்பாலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு ஏற்கனவே பொட்டாசியம் வெளியேறுவது குறைவு. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம், முன்னறிகுறி எதுவும் இல்லாமல். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. உப்பை மாற்றிவிட்டு, அறிக்கையோடு மருத்துவரிடம் போக வேண்டும். பொட்டாசியம் 6ஐ எட்டியிருந்தால் அன்றைக்கே.