ஓய்வுக்காலத்திற்கு மூன்று வாளிகள்

வருகிற ஆனி மாதம் 60 வயது நிறைந்து என் தந்தையார் நூற்பாலை வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையுமாக 24 லட்சம் ரூபாய் கைக்கு வரும். சிறு ஓய்வூதியம் போக, வீட்டுச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாயை இத்தொகையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். "கல்லூரியில் கணக்குப் படிக்கிறாயே, இது கடைசிவரை வருவதற்கு ஒரு வழி சொல்லு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். சொல்லாமல் இருக்க முடியுமா? தேடிப் படித்ததில் 'வாளி முறை' என்ற ஒன்றைக் கண்டேன். அதையே இங்கே விளக்குகிறேன்.

முழுவதையும் வங்கியில் போட்டு வட்டி வாங்கினால் போதாதா? போதாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும், வட்டி இரட்டிப்பாகாது. அப்படியானால் முழுவதையும் பங்குகளில் போடலாமா? என் மாமா ஒருவர் அப்படித்தான் செய்தார். 2008 ஜனவரியில் 21,000 புள்ளியைத் தொட்ட மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடு, அக்டோபரில் சுமார் 8,500-க்கு வீழ்ந்தது. 2010 நவம்பரில் அது மீண்டும் 21,000-ஐ எட்டியது. ஆனால் சந்தை மீண்டது போல மாமாவின் பணம் மீளவில்லை.

காரணம் எளிய கணக்கே. ஓர் அலகின் விலை 100 ரூபாயாக இருக்கும்போது, மாதம் 10,000 ரூபாய் பெற 100 அலகுகளை விற்றால் போதும். விலை 40 ஆகிவிட்டால் 250 அலகுகளை விற்க வேண்டும். பிறகு விலை 100-க்குத் திரும்பினாலும், கூடுதலாக விற்ற 150 அலகுகள் திரும்பி வரா. சந்தை வீழ்வதைவிட, வீழ்ந்த நேரத்தில் வயிற்றுப்பாட்டுக்காக விற்க நேர்வதே பெருங்கேடு.

இதைத் தவிர்க்கவே பணத்தை, அது தேவைப்படும் ஆண்டை வைத்துப் பிரிக்கிறார்கள். எங்கள் பாட்டி சமையலுக்குப் பானையில் அரிசியும், பின்னாளைக்குக் குதிரில் நெல்லும் வைத்துக்கொண்டு, நிலத்தை விளைச்சலுக்கு விட்டு வைத்ததைப் போன்றதுதான் இது.

முதல் வாளி ரொக்கம். முதல் இரண்டு ஆண்டுச் செலவுக்கு இரண்டரை லட்சம் ரூபாய் சேமிப்புக் கணக்கில் இருக்கும். இரண்டாவது வாளி, மூன்றாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரைக்கானது. மேல்நாட்டில் இதற்குக் கடன் பத்திரங்களை வாங்குவர். எங்களுக்கு வங்கி வைப்பும் அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் அந்த வேலையைச் செய்யும். இதற்கு ஒன்பதரை லட்சம். மீதி 12 லட்சம் மூன்றாவது வாளியில், பல நிறுவனப் பங்குகளை ஒருசேர வாங்கும் குறியீட்டு நிதியில் இருக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறும் செலவை எட்டு ஆண்டுகளுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 11 லட்சத்து 88 ஆயிரம் வருகிறது. முதல் இரு வாளிகளும் வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே அதைத் தாங்கும்.

இரண்டாவது வாளியில் ஒரு தவறு நேரக்கூடும். அஞ்சலகத் திட்டத்தின் காலம் 5 ஆண்டு. இடையில் முடித்தால் பிடித்தம் உண்டு. எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டால் மூன்றாம் ஆண்டில் கையைப் பிசைய நேரும். ஆகவே நாலரை லட்சத்தை, ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாக முதிரும் மூன்று வங்கி வைப்புகளாகவும், ஐந்து லட்சத்தை அஞ்சலகத்திலும் பிரித்தேன்.

வாளிகளை நிரப்புவதுதான் இம்முறையின் உயிர். ஆண்டுக்கொரு முறை, சித்திரையில் பார்க்க வேண்டும். மூன்றாவது வாளி 12 லட்சத்துக்கு மேல் வளர்ந்திருந்தால், மேலே உள்ளதில் ஓராண்டுச் செலவை விற்று இரண்டாவதில் சேர்க்க வேண்டும். குறைந்திருந்தால் தொடவே கூடாது. நல்ல ஆண்டில் 'இன்னும் ஏறட்டும்' என்று நிரப்பாமல் விட்டவருக்குக் கெட்ட ஆண்டில் வாளி காலியாக இருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. 1989 டிசம்பரில் உச்சம் தொட்ட ஜப்பானியப் பங்குக் குறியீடு அந்த உச்சத்தைக் கடந்தது 2024 பிப்ரவரியில்தான். அத்தகைய வறட்சிக்கு எட்டு ஆண்டுச் சேமிப்பு காணாது. முதல் இரு வாளிகளிலும் சேர்த்து மூன்று ஆண்டுச் செலவுக்கும் குறைவாகவே மிஞ்சியும் மூன்றாவது மீளவில்லை என்றால், அதுவே அபாய அறிவிப்பு. செலவைச் சுருக்குவது தவிர வேறு வழியில்லை.

கணக்கைத் தந்தையாரிடம் காட்டினேன். நெடுநேரம் தாளைப் பார்த்திருந்தார். "மாமாவிடம் முதல் இரண்டு வாளியும் இல்லை, அவ்வளவுதானே?" என்றார். ஆம், அவ்வளவுதான்.