ஒரே மொத்தம், வேறு வேறு கட்-ஆஃப்

பிளஸ் டூ முடித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். முதல் மாணவி கணிதத்தில் 98, இயற்பியலில் 88, வேதியியலில் 84 வாங்கியிருக்கிறாள். இரண்டாவது மாணவன் கணிதத்தில் 80, இயற்பியலில் 96, வேதியியலில் 94. மூன்று பாடங்களையும் கூட்டினால் இருவருக்கும் 270. சராசரி 90 சதவீதம். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அவளுடைய கட்-ஆஃப் 184, அவனுடையது 175. இந்த 9 மதிப்பெண் இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள்.

மதிப்பெண்ணில் பிழை ஒன்றும் இல்லை. கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது கணிதத்தின் பங்கு பாதி, மற்ற இரண்டுக்கும் தலா கால் பங்கு. ஆகவே கணித மதிப்பெண் அப்படியே சேரும்; இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைந்து சேரும். அவளுக்கு 98 + 44 + 42 = 184. அவனுக்கு 80 + 48 + 47 = 175. இதையே சதவீதமாகச் சொன்னால் 92, 87.5. பாடத்துக்குப் பாடம் பங்கு வேறுபடும்போது இப்படிக் கிடைக்கும் சதவீதத்துக்கு நிறையிட்ட சராசரி என்று பெயர்.

வழிமுறை எளிது. ஒவ்வொரு தாளிலும் வாங்கிய சதவீதத்தை அந்தத் தாளின் பங்கால் பெருக்க வேண்டும். வந்தவற்றைக் கூட்டி, பங்குகளின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். அவளுக்கு 98 × 50, 88 × 25, 84 × 25 மூன்றையும் கூட்டினால் 9200. அதை 100-ஆல் வகுத்தால் 92.

பலரும் தடுக்கி விழுவது இன்னொரு இடத்தில். இயற்பியல் தாளின் 100 மதிப்பெண்ணே மூன்று துண்டுகளால் ஆனது: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. ஒருவர் எழுத்துத் தேர்வில் 63 வாங்கி, மற்ற இரண்டிலும் முழு மதிப்பெண் பெற்றால், மூன்றின் சதவீதம் 90, 100, 100. இவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 96.7 வரும். ஆனால் மதிப்பெண் பட்டியலில் இருக்கப்போவது 63 + 20 + 10 = 93 தான். வெறும் 10 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு, 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்குச் சமமான இடம் கொடுத்ததால் வந்த பிழை அது. அளவில் வேறுபட்ட தாள்களின் சதவீதங்களை நேரடியாகக் கூட்டி வகுக்கவே கூடாது.

கணக்கு சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். பங்குகள் எல்லாம் சேர்ந்து 100 ஆகின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வந்த விடை மிகக் குறைந்த சதவீதத்துக்கும் மிக உயர்ந்த சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். 84, 88, 98 வாங்கியவருக்கு 99 வந்தால் எங்கோ தவறியிருக்கிறது. ஆனால் மேலே வந்த 96.7 இந்தச் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும். அதனால் எந்தத் தாளுக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். அந்த மாணவி தேர்வுக்கு முன்பே 185 கட்-ஆஃப் வேண்டும் என்று எண்ணியிருந்தால், கணிதத்தில் 98-ம் இயற்பியலில் 88-ம் வரும் என்ற மதிப்பில் 142 கையில் இருக்கும். மிச்சம் 43. வேதியியலில் அதன் இரு மடங்கு, 86 வாங்க வேண்டும். வேதியியலில் இரண்டு மதிப்பெண் கூட்டுவதும் கணிதத்தில் ஒன்று கூட்டுவதும் கட்-ஆஃபுக்கு ஒன்றுதான்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் யோசிக்க வேண்டியதும் இதைத்தான். விடைத்தாள் நகலை வாங்கிப் பார்க்கும்போது கணிதத்தில் 3 மதிப்பெண்ணும் வேதியியலில் 4 மதிப்பெண்ணும் விடுபட்டதாகத் தெரிந்தால், எண்ணிக்கையில் வேதியியல் பெரிதாகத் தோன்றும். கட்-ஆஃபில் கணிதம் தருவது 3, வேதியியல் தருவது 2. ஒரு தாளுக்கு மட்டும் பணம் கட்ட முடிகிற வீட்டில் முதலில் கட்ட வேண்டியது கணிதத்துக்கு. கலை அறிவியல் கல்லூரியில் சேர விரும்பும் பிள்ளைக்கு இந்த முடிவு மாறலாம். அங்கே எந்தப் பாடத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சேர்க்கை விதிகளில் பார்த்துவிட்டே மனுப் போட வேண்டும்.