டிசம்பர் பென்ஷன் நிற்காமலிருக்க

மகள் வீட்டுக்கு டொராண்டோ போயிருக்கும் 76 வயது அஞ்சல் துறை ஓய்வூதியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் ஆண்டுதோறும் நவம்பரில் அவர் உயிர்வாழ் சான்றிதழ் தரவேண்டும். 80 வயதைத் தாண்டியிருந்தால் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே தரலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு இந்த நவம்பர் கணக்கு பொருந்தாது. கருவூலம் சொல்லும் நேர்காணல் மாதம் வேறு.

அவருக்கு ஆதார் இருந்தால் சுலபம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண் செயலியையும், முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் செயலியையும் இறக்கிக்கொண்டு, பி.பி.ஓ. எண், கணக்கு எண், பென்ஷன் தரும் வங்கி ஆகிய விவரங்களைப் பதிந்து முகத்தைக் காட்டினால் ஓர் அடையாள எண் வரும். அந்த எண் வந்ததுமே வேலை முடிந்ததாகப் பலரும் போனை மூடிவிடுகிறார்கள். அது சான்றிதழ் உருவானதற்கான எண்தான். வங்கி அதை ஏற்றால்தான் கணக்கில் ஏறும். பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், வேறு வங்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் நிராகரிக்கப்படலாம். ஆகவே சில நாள் கழித்து அது ஏற்கப்பட்டதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

ஆதார் இல்லாதவருக்குக் காகிதம்தான் வழி. இந்தியத் தூதரக அதிகாரி, நோட்டரி, மாஜிஸ்ட்ரேட் ஆகியோர் சான்றளிக்கலாம். வங்கி அதிகாரியும் தரலாம். ஆனால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் உள்ள வங்கியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெருமுனையிலுள்ள கனடிய வங்கியின் முத்திரையை நம்பி இருந்துவிட வேண்டாம். கையெழுத்தை அதிகாரியின் எதிரில்தான் போடவேண்டும். வீட்டிலேயே போட்டு எடுத்துப்போனால் புதுப் படிவம் எழுத நேரும்.

சான்றிதழை மட்டும் உறையில் போட்டு அனுப்பினால், அது எந்த மேசையில் கிடக்கிறது என்று இங்கிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடு. கூடவே ஒரு கடிதம் வையுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் தற்போது கனடாவில் மகளுடன் தங்கியிருக்கிறேன். எனது பி.பி.ஓ. எண், கணக்கு எண் மேலே உள்ளன. நவம்பர் 4 அன்று தூதரக அதிகாரி முன்னிலையில் கையொப்பமிட்ட அசல் சான்றிதழை இணைத்துள்ளேன். இதைப் பதிவுசெய்து, டிசம்பர் மாத ஓய்வூதியம் தடையின்றி வரவு வைக்கும்படி வேண்டுகிறேன். குறை ஏதும் இருப்பின் மின்னஞ்சலில் தெரிவிக்கவும்."

அசலைக் கூரியரில் அனுப்பி, அதன் நகலைக் கிளைக்கு மின்னஞ்சல் செய்து, கூரியர் எண்ணையும் அதில் குறிப்பிடுங்கள். கிளை வாங்கிக்கொண்டாலும், வங்கியின் மத்திய பென்ஷன் மையத்தின் கணினியில் ஏறியிருக்க வேண்டும். "வந்துவிட்டதா?" என்று கேட்காமல் "பதிவாகிவிட்டதா?" என்று கேளுங்கள்.

நவம்பர் பென்ஷன் அந்த மாதக் கடைசியில் வழக்கம்போல் வந்துவிடும். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சான்றிதழ் ஏறாவிட்டால் டிசம்பர் கடைசியில்தான் தெரியும். அப்படி நின்றாலும் பணம் போய்விடாது. சான்றிதழ் பதிவானதும் நிலுவையோடு சேர்த்துத் தருவார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் விட்டுவிட்டால்தான் உரிய அதிகாரியின் ஒப்புதல் வாங்கவேண்டிவரும்.